விதை உறக்கம் முதல் சான்றட்டை வரை: விதை நுட்பவியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செய்முறை வகுப்பிலும் தேர்வுக்கு முந்தின வாரத்திலும் வருடம்தோறும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பயிரையும் தொட்டுப்போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் நெல்லையே பிடித்துக்கொண்டு போகிறேன், வேண்டிய இடத்தில் மட்டும் உளுந்து வரும். வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் கேள்விகள் எளிதாக இருக்கும்.

விதை உறக்கத்தில் இருக்குன்னா, அது செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. நீர், காற்று, ஏற்ற வெப்பநிலை மூன்றும் கிடைத்தும் உயிருள்ள விதை முளைக்காமல் இருப்பதுதான் உறக்கம். உயிர் இருக்கிறது என்பதே அதன் முதல் நிபந்தனை. செத்த விதையை எந்த ரசாயனத்தில் ஊறவைத்தாலும் முளைக்காது. உறங்கும் விதை தடையை நீக்கினால் முளைக்கும்.

மூட்டைக்குள் காய்ந்து கிடக்கும் விதையும் உறங்குவதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது தண்ணீருக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஈரம் பட்டதும் முளைத்துவிட்டால் அதை உறக்கம் என்று சொல்லக்கூடாது. முளைப்புத்திறன் சோதனையில் இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் அங்கே எல்லா வசதியும் செய்துகொடுத்த பிறகுதான் எண்ணுகிறோம்.

நெல்லுக்கு உறக்கம் எங்கே இருக்கு? உமியிலா, கருவிலா?

பயிரிடும் ரகங்களில் பெரும்பாலும் கருவைச் சுற்றியுள்ள உறைகளில். உமியை நீக்கிவிட்டால் முளைப்பு கூடுகிறது. உள்ளே இருக்கும் மெல்லிய தோலையும் கீறிவிட்டால் இன்னும் கூடுகிறது. கருவைத் தனியே பிரித்து வைத்தால் அது தயங்காமல் வளர்கிறது. அறுவடையான புதிதில் உமி ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கருவுக்குப் போவதைக் குறைக்கிறது. இதோடு அப்சிசிக் அமிலம் போன்ற தடுப்பு ஊக்கிகளின் பங்கும் இருக்கிறது. ஜப்பானிகா ரகங்களைவிட இண்டிகா ரகங்களில் உறக்கம் பொதுவாக அதிகம். நாம் பயிரிடுவது இண்டிகாதான்.

இந்த உறக்கம் உலர்ந்த சேமிப்பில் தானாகவே கரையும். ரகத்தைப் பொறுத்து சில வாரம் ஆகலாம். வெப்பநிலை கூடினால் அது வேகமாகும்: நெல்லில் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் உறக்கம் நீங்கும் வேகம் சுமார் மூன்று மடங்காகிறது. இந்த ஒரு கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

உளுந்துல ஊறவே ஊறாம கல்லு மாதிரி கிடக்குதே, அதுவும் இதே உறக்கம்தானா?

காரணம் வேறு. நெல் விதை நீரை உறிஞ்சிவிடும், அதற்கப்புறம்தான் தயங்கும். கடின உளுந்து நீரை உள்ளேயே விடாது. அதன் மேல்தோலில் நெருக்கமாக அடுக்கிய செல்களும் மெழுகுத்தன்மையும் நீருக்குத் தடையாக நிற்கின்றன. தோலில் சிறு கீறல் விழுந்தால் போதும், ஊறி முளைத்துவிடும். இதற்குக் கடின விதை என்று பெயர்.

அதனால் சிகிச்சையும் வேறு. நெல்லுக்குக் கொடுக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டை உளுந்துக்குக் கொடுத்துப் பயனில்லை, கரைசல் உள்ளேயே போகாதே! மணல்தாளில் தேய்ப்பது, ஊசியால் தோலைக் கீறுவது போன்றவைதான் அங்கே வேலை செய்யும்.

உறக்கம் இல்லாத ரகமா உருவாக்கிட்டா பிரச்சினையே இருக்காதே?

குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் தெரியும். உறக்கமே இல்லாத ரகம் சாய்ந்து ஈரத்தில் கிடந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். அந்த நெல் விதைக்கும் ஆகாது, அரிசிக்கும் ஆகாது. அறுவடைக்குப் பின் இரண்டு மூன்று வாரம் உறக்கம் இருந்து, அடுத்த விதைப்புக்குள் நீங்கிவிடும் ரகம்தான் வசதி.

முளைப்புத்திறன் சோதனைக்கு ஏன் சரியா 400 விதை? நல்லதா பார்த்துப் பொறுக்கி எடுக்கலாமா?

பொறுக்கி எடுத்தால் சோதனையே வீண். முதலில் புறத்தூய்மை பகுப்பாய்வு நடக்கும். அதில் தூய விதை என்று பிரிந்த பகுதியிலிருந்து, பெரியது சிறியது பார்க்காமல் வந்தபடி 400 விதைகளை எண்ணி எடுக்க வேண்டும். எண்ணும் பலகையோ வெற்றிட எண்ணியோ இருந்தால் கை சார்பு குறையும். தூய விதை என்றால் அழகான விதை என்று பொருளல்ல. நிறம் மங்கிய, சற்றே சிறுத்த அதே பயிர் விதையும் அதில் அடங்கும். இங்கேதான் பலர் தங்களை அறியாமல் நல்ல விதையாகத் தேர்ந்துவிடுகிறார்கள், ரிசல்ட் நாலைந்து சதவீதம் கூடிவிடுகிறது.

400 விதையை நூறு நூறாக நான்கு பிரதிகளாக வைப்பதற்குக் காரணம், நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம் என்பதுதான். 400-ஐ ஒரே தாளில் வைத்தால் சராசரி கிடைக்கும், அந்தச் சராசரியை நம்பலாமா என்பது தெரியாது.

நெல்லுக்கு 5ஆம் நாள் ஒருதரம், 14ஆம் நாள் ஒருதரம் எண்ணறோம். முதல் நாளே எல்லாத்தையும் எண்ணிட்டா என்ன?

5ஆம் நாள் எண்ணிக்கை ஓர் இடைக்கணக்கு. நன்றாக வளர்ந்துவிட்ட இயல்பான நாற்றுகளை எண்ணி எடுத்துவிடுகிறோம். விட்டுவைத்தால் விதைகளை வைத்துச் சுருட்டிய ஈரத்தாளான ரோல் டவலுக்குள் வேர்கள் பின்னிக்கொள்ளும், பூஞ்சை பிடித்த விதை பக்கத்து விதைக்கும் பரப்பும். வளர்ச்சி சந்தேகமாக இருப்பவற்றைத் தொடாமல் அடுத்த எண்ணிக்கைக்கு விட வேண்டும். தீர்ப்பு 14ஆம் நாள்தான். உளுந்துக்கு இதே கணக்கு 4ஆம் நாளும் 7ஆம் நாளும்.

நெல்லுக்கு முளைதளமாகத் தாளின் மேல், தாள்களுக்கு இடையே, மணல் மூன்றும் ஏற்கப்பட்டவை. வெப்பநிலை 20-30 டிகிரி மாறி மாறி வைக்கலாம், அதாவது 16 மணி நேரம் 20, 8 மணி நேரம் 30. உறக்கம் உள்ள விதைக்கு இந்த ஏற்ற இறக்கமே ஓரளவு உதவும்.

வேர் வெளியே வந்தாலே முளைச்சதுதானே? அதையெல்லாம் ஏன் கழிக்கறாங்க?

வேர் எட்டிப்பார்ப்பது உடலியல் பாடத்தில் முளைப்பு. விதைப் பரிசோதனையில், நல்ல மண்ணில் நட்டால் செடியாக வளரக்கூடிய நாற்றைத்தான் முளைப்பாக எண்ணுகிறோம். நெல்லில் வேர்த்தொகுதி ஒழுங்காக இருக்க வேண்டும். முளைக்குருத்து உறையைத் துளைத்துப் பச்சை இலை வெளிவர வேண்டும். உறை மட்டும் வெள்ளையாக நீண்டு உள்ளே இலையே இல்லாமல் இருந்தாலும், வேர் வராமல் குருத்து மட்டும் வந்தாலும், குருத்து முறுக்கிக்கொண்டு நின்றாலும் அது இயல்பற்ற நாற்று. அடித்துப் பிரிக்கும்போது இயந்திரத்தில் அடிபட்ட விதையில் இது அதிகம் தெரியும். இயல்பற்றவை திடீரென்று கூடினால் கதிரடிக்கும் இயந்திரத்தையும் அறுவடை இயந்திரத்தையும் சந்தேகப்படுங்கள்.

ஒரு நாற்று பக்கத்து விதையின் பூஞ்சையால் அழுகியிருந்து, மற்றபடி முக்கிய உறுப்புகள் எல்லாம் இருந்தது தெளிவாகத் தெரிந்தால் அது இயல்பானதே. தன் விதையிலிருந்தே வந்த தொற்றால் அழுகினால்தான் இயல்பற்றது.

14ஆம் நாள் முளைக்காம மிச்சம் கிடக்கற விதையை எல்லாம் செத்ததுன்னு போட்டுடலாமா?

இந்தக் குறுக்குவழியில்தான் நல்ல விதைக் குவியல்கள் தோற்கின்றன. மிச்சம் மூன்று வகை. ஊறவே இல்லாமல் முதல் நாள்போல் கெட்டியாகக் கிடப்பது கடின விதை. ஊறிப் பருத்து, அழுத்தினால் உறுதியாக, பூஞ்சை இல்லாமல் சுத்தமாக இருந்து, ஆனால் முளைக்காதது உயிருள்ள முளைக்காத விதை. விரல் நுனியில் அழுத்தினால் குழைந்து பால்போலவோ அழுகிய சாறாகவோ கசிவது, நிறம் மாறியது, பூஞ்சை படர்ந்தது எல்லாம் இறந்த விதை.

அறிக்கையில் இயல்பான நாற்று, இயல்பற்ற நாற்று, கடின விதை, உயிருள்ள முளைக்காத விதை, இறந்த விதை என்ற ஐந்தும் சேர்ந்து 100 வர வேண்டும். உயிருள்ள முளைக்காதவை 5 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாகத் தோன்றினால் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. பிளந்து பார்த்தோ, டெட்ரசோலியம் என்ற நிறச் சோதனை செய்தோ உறுதிப்படுத்த வேண்டும் என்பது சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதி.

அறுத்து பத்து நாள்தான் ஆச்சு, பார்வைக்குத் தங்கமா இருக்கு. ஆனா ரிசல்ட் 62. என்ன பண்றது?

ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு பிரதிகளில் இயல்பான நாற்றுகள் 62, 58, 66, 60. கூட்டி நாலால் வகுத்தால் 61.5, முழு எண்ணாக்கினால் 62. சராசரியாக இயல்பற்றவை 5, உயிருள்ள முளைக்காதவை 27, இறந்தவை 6. சான்று பெற நெல்லுக்கு வேண்டியது 80. 62-ஐ மட்டும் பார்ப்பவர் குவியலைத் தள்ளிவிடுவார். ஆனால் அந்த 27-ஐப் பாருங்கள். இறந்தது 6 மட்டுமே. இது செத்த குவியல் அல்ல, உறங்கும் குவியல்.

அந்த 27-ஐ 62-உடன் கூட்டி 89 என்று போட்டுவிடலாமா என்று உடனே ஒரு கேள்வி வரும். கூடாது. நெல்லின் தரநிலையில் அப்படிக் கூட்ட இடமில்லை. உறக்கத்தை நீக்கி மறுபடி சோதனை போட வேண்டும். அதே மாதிரியிலிருந்து புதிதாக 400 விதை எடுத்து, உறக்கம் நீக்கி வைத்தபோது 89, 85, 90, 84 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 348, சராசரி 87. இந்தக் குவியல் தேறிவிட்டது. உறக்க நீக்க முறைகள் ஒன்றுக்கு மேல் செய்திருந்தால் அதிக இயல்பான நாற்று தந்த முறையின் முடிவை, எந்த முறை என்ற குறிப்போடு தருவார்கள்.

இதே குவியலில் இறந்தவை 27, உயிருள்ள முளைக்காதவை 6 என்று மாறி வந்திருந்தால் முளைப்பு அதே 62தான், ஆனால் எந்தச் சிகிச்சையும் அதைக் காப்பாற்றாது. சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பிரிவை முதலில் படிக்கச் சொல்வது இதனால்தான்.

உறக்கம் நீக்கறதுக்குப் புத்தகத்துல ஏழெட்டு முறை இருக்கு. நெல்லுக்கு நிஜமா எதைச் செய்யறது?

எனக்குப் பிடித்தது உலர் வெப்பம்: ரசாயனம் வேண்டாம், கை நடுங்க வேண்டாம். விதையை 50 டிகிரி செல்சியஸில், காற்றோட்டம் உள்ள அடுப்பில் நான்கைந்து நாள் வைத்துவிட்டுச் சோதனைக்கு எடுப்பது. உறக்கம் கடுமையாக இருந்தால் ஏழு நாள் வரை. நாலு நாள் ஏன் போதும் என்பதற்கு இரண்டாவது கேள்வியில் சொன்ன மூன்று மடங்குக் கணக்கைப் போடுங்கள். 30-லிருந்து 50-க்குப் போனால் இரண்டு பத்து, ஆக ஒன்பது மடங்கு. அறை வெப்பத்தில் ஒரு மாதத்தில் கரைவது இங்கே மூன்று நாலு நாளில் கரைந்துவிடும். ஒரே எச்சரிக்கை, ஈரமான விதையை நேராக 50 டிகிரியில் வைக்காதீர்கள். உறக்கத்தோடு உயிரும் போய்விடும். முதலில் நிழலில் உலர்த்தி ஈரப்பதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அவசரமென்றால் பொட்டாசியம் நைட்ரேட். 0.2 சதவீதக் கரைசல், அதாவது ஒரு லிட்டர் நீரில் 2 கிராம். முளைதளத்தை முதல்முறை நனைக்கும்போது மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும். பிறகு காய்ந்தால் வெறும் நீர்தான் தெளிக்க வேண்டும், இல்லையென்றால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். இதற்கும் அசையாத நெல்லுக்கு 1 நார்மல் நைட்ரிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி வைப்பதும் உண்டு. அடர் அமிலம் சுமார் 63 மில்லியை ஒரு லிட்டராக நீர்த்தால் 1 நார்மல் வரும். நீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் நீரை ஊற்றாதீர்கள்.

டெட்ரசோலியம் ஒரே நாள்ல 90-ன்னு காட்டிடுச்சே. 14 நாள் எதுக்குக் காத்திருக்கணும்?

அது காட்டுவது உயிர்ப்பு, முளைப்புத்திறன் அல்ல. உயிருள்ள திசுவில் சுவாசத்தின்போது வேலை செய்யும் டீஹைட்ரஜனேஸ் நொதிகள் நிறமற்ற டெட்ரசோலியத்தைச் சிவப்பு ஃபார்மசானாக மாற்றுகின்றன. செத்த திசு நிறம் மாறாது. நெல்லை ஒரு இரவு ஊறவைத்து, கரு இரண்டாகப் பிளக்கும்படி நீளவாக்கில் வெட்டி, 1 சதவீதக் கரைசலில் 30 டிகிரியில் சுமார் 2 மணி நேரம் இருட்டில் வைத்தால் தெரிந்துவிடும்.

உறங்கும் விதையும் சிவக்கும், முளைத்தால் இயல்பற்ற நாற்றாகப் போகிற விதை சிலவும் சிவக்கும். அதனால் 90 உயிர்ப்பு உள்ள குவியல் இன்று 62 முளைக்கலாம். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உறக்கத்தின் அளவைச் சொல்கிறது, எனக்கு அதுதான் இச்சோதனையின் பெரிய பயன். சான்றுக்கான எண் முளைப்புத்திறன் சோதனையிலிருந்துதான் வர வேண்டும்.

நாலு பிரதியும் வேற வேறயா வந்தா சராசரி போட்டுட வேண்டியதுதானே?

எவ்வளவு வேறாக என்பதைப் பொறுத்தது. நல்ல கலவையிலிருந்து எடுத்தாலும் தற்செயலாகக் கொஞ்சம் வித்தியாசம் வரும். அதற்கு மேல் போனால் சோதனையில் ஏதோ தவறு. எதுவரை போகலாம் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. சராசரி 86 என்றால் மிக அதிகமான பிரதிக்கும் மிகக் குறைவான பிரதிக்கும் இடையே 14 வரை அனுமதி.

92, 74, 90, 88 வந்தால் சராசரி 86தான், கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 92-க்கும் 74-க்கும் இடைவெளி 18. இதை வெளியிடக்கூடாது, மறுசோதனை போட வேண்டும். பெரும்பாலும் ஒரு ரோல் மட்டும் காய்ந்திருக்கும், அல்லது அதில் மட்டும் நீர் தேங்கிக் காற்றில்லாமல் போயிருக்கும். ஒன்பதாவது கேள்வியின் 89, 85, 90, 84-ல் இடைவெளி 6 மட்டுமே, அதனால்தான் அங்கே தயங்கவில்லை.

விதைச்சான்று லேப்லதானே ஆரம்பிக்குது?

ஆய்வகம் ஐந்தாவது கட்டம். விண்ணப்பத்தைப் பெற்று ஆராய்வது முதல் கட்டம். விதைக்கப் பயன்படுத்திய விதையின் மூலம், வகுப்பு ஆகியவற்றைச் சரிபார்ப்பது இரண்டாவது. வயலாய்வு மூன்றாவது. அறுவடைக்குப் பிந்தைய சுத்திகரிப்பையும் பையில் அடைப்பதையும் மேற்பார்வை செய்வது நான்காவது. மாதிரி எடுத்துப் பகுப்பாய்வு செய்வது ஐந்தாவது. சான்று வழங்கி, அட்டை கட்டி முத்திரை வைப்பது ஆறாவது.

இதற்கு அடிப்படை 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டமும், 1968 விதை விதிகளும், இந்தியக் குறைந்தபட்ச விதைச்சான்றுத் தரநிலைகளும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இதைச் செய்கிறது. உற்பத்தியாளர் விதைப்பறிக்கை கொடுத்தால்தான் தொடக்கம். ரகம் வேறானாலோ, விதைப்புத் தேதி ஏழு நாளுக்கு மேல் வித்தியாசப்பட்டாலோ, வயல்கள் 50 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலோ, பரப்பு 25 ஏக்கரைத் தாண்டினாலோ தனித்தனி அறிக்கை. ஒரே நாளில் ஒரே மாதிரி முற்றும் பயிரைத்தான் ஆய்வாளர் ஒரே வயலாகப் பார்க்க முடியும்.

வல்லுநர் விதைக்கும் நீலஅட்டை உண்டா?

வல்லுநர் விதைக்கு பொன்மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். வல்லுநர் விதையைச் சான்று நிறுவனம் சான்றளிப்பதில்லை. ரகத்தை உருவாக்கிய அமைப்பின் பயிர் இனப்பெருக்க வல்லுநர் உற்பத்தி செய்ய, கண்காணிப்புக் குழு பார்வையிடும். அதற்கும் முந்தைய கருவிதைக்கு விற்பனை அட்டையே கிடையாது. உற்பத்தியாளரே பொறுப்பேற்று விற்கும் உண்மைநிலை விதையின் பச்சை அட்டை இந்த வரிசையில் சேராது.

வயலாய்வுல நெல்லில் என்னத்தைதான் எண்ணுவாங்க? ஒரு கலவன் இருந்தாலும் தள்ளிடுவாங்களா?

தள்ளமாட்டார்கள், அளவு இருக்கிறது. பூக்கும் காலத்திலிருந்து குறைந்தது இரண்டு ஆய்வு. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் வேறு ரக நெல் வயலிலிருந்து விட வேண்டிய பயிர் விலகு தூரம் 3 மீட்டர் போதும். முக்கியமாகப் பார்ப்பது கலவன், அதாவது அந்த ரகத்தின் தன்மையிலிருந்து மாறுபட்ட செடி. ஆதார விதை வயலில் 0.05 சதவீதம், சான்று விதை வயலில் 0.20 சதவீதம் வரை அனுமதி. காட்டு நெல் இன்னும் கடுமை: ஆதாரத்தில் 0.01, சான்றில் 0.02.

5 ஏக்கர் வரை ஐந்து இடத்தில் எண்ண வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு 5 ஏக்கருக்கும் ஒரு இடம் கூடுதல். நெல்லில் ஓர் இடத்துக்கு 1000 கதிர். சான்று விதைக்கான 5 ஏக்கர் வயலில் 5000 கதிரில் 12 கலவன் கிடைத்தது என்று வைப்போம். அது 0.24 சதவீதம், எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் இருமடங்கான 0.40-ஐத் தாண்டவில்லை. அப்போது மறுபடி ஐந்து இடத்தில் எண்ணுவார்கள். இரண்டாம் முறை 6 வந்தால் 10,000 கதிரில் 18, அதாவது 0.18, வயல் தேறியது. முதல் எண்ணிக்கையிலேயே 25 வந்திருந்தால் 0.50, மறு எண்ணிக்கைக்கே இடமில்லை.

கலவனை முன்னமே பிடுங்கியிருந்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது. உயரம், பூக்கும் நாள், கதிர் அமைப்பு, மூக்கு முடி எல்லாம் பூக்கும் காலத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

வயல்ல தேறிடுச்சுன்னா அப்புறம் மாதிரி எடுக்கறது எதுக்கு?

வயலாய்வு இனத்தூய்மையை உறுதிப்படுத்துகிறது. அதன் பிறகு களத்தில் வேறு ரகம் கலக்கலாம், ஈரத்தோடு குவித்து வெந்துபோகலாம், இயந்திரத்தில் உடையலாம். இவற்றை வயலில் பார்க்க முடியாது. சுத்திகரித்து முடித்த குவியலில் 60 மூட்டையோ அதற்கு மேலோ இருந்தால் குறைந்தது 30 இடத்தில் துருவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து குறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நெல்லுக்குத் தேவை: புறத்தூய்மை 98 சதவீதம், முளைப்புத்திறன் 80, ஈரப்பதம் சாதாரணப் பையில் 13-க்கு மேல் போகக்கூடாது. ஈரப்பதத்துக்கான பகுதியைத் தனியாகக் காற்றுப் புகாத உறையில் அனுப்பாவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது.

முளைப்புத்திறன்ல தோத்துட்டா மறுபடி சுத்திகரிச்சா சரியாயிடுமா?

தூசி, பதர், களை விதை போன்றவற்றால் தோற்றதற்குத்தான் மறு சுத்திகரிப்பு. முளைப்பில் தோற்றதை சல்லடை காப்பாற்றாது. அங்கே ஐந்து பிரிவு அறிக்கையைப் பாருங்கள். உயிருள்ள முளைக்காதவை அதிகமென்றால் காத்திருந்தோ உறக்கம் நீக்கியோ மறுசோதனை கேட்கலாம். இறந்தவை அதிகமென்றால் அந்தக் குவியல் விதையாகாது, தானியமாகப் போக வேண்டியதுதான்.

உளுந்துல கடின விதையையும் சேர்த்துக் கணக்கு போடறாங்களே, அது விவசாயிக்கு ஏமாற்று இல்லையா?

நியாயமான கேள்வி. உளுந்துக்கு வேண்டியது கடின விதையையும் சேர்த்து 75. இயல்பான நாற்று 68, கடின விதை 10, இயல்பற்றவை 12, இறந்தவை 10 என்றால் 68-உம் 10-உம் சேர்ந்து 78, தேறியது. ஆனால் விதைத்த வாரத்தில் வயலில் முளைப்பது 68-ஐச் சுற்றித்தான் இருக்கும். மிச்சம் ஈரமும் மண் உராய்வும் தோலைத் தளர்த்தின பிறகு ஒவ்வொன்றாக வரலாம், அதற்குள் முதல் செடி பூத்துவிடும்.

நெல்லின் உறங்கும் விதையைக் கூட்டாதபோது உளுந்தின் கடின விதையை மட்டும் ஏன் கூட்டுகிறார்கள்? கடின விதை உயிரோடு இருக்கிறது, தோலைத் தேய்த்தால் உடனே முளைக்கும் என்பது ஒரு காரணம். என் கருத்து, அறிக்கையில் கடின விதை தனி எண்ணாக இருப்பதை விதைப்பவரிடமும் சொல்ல வேண்டும். 10 சதவீதம் கடின விதை உள்ள குவியலுக்கு விதையளவைச் சற்றுக் கூட்டிப் பரிந்துரைப்பதில் தவறில்லை.

சான்றட்டையில ஒன்பது மாசம்னு போட்டிருக்கு. அறுவடையிலிருந்தா கணக்கு?

சோதனைத் தேதியிலிருந்து. மார்ச் 10-ல் சோதனை முடிந்தால் டிசம்பர் 9 வரை. அதன் பிறகும் விதை கையில் இருந்தால் மறுபடி மாதிரி எடுத்துச் சோதித்து, தரம் இருந்தால் ஆறு மாதம் நீட்டிப்பார்கள். தரம் இருக்கும்வரை இப்படி நீட்டலாம்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. ஒன்பதாவது கேள்வியின் குவியலை உறக்கம் நீக்கிச் சோதித்தபோது 87 வந்தது. ஒன்பது மாதம் கழித்து உறக்கம் முழுதும் போயிருக்கும், அதனால் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் சோதிப்பார்கள். 85 வந்தால் விதை நன்றாகவே தாங்கியிருக்கிறது. சிகிச்சையில்லாத பழைய 62-ஐயும் இந்த 85-ஐயும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குச் சேமிப்பில் விதையின் தரம் கூடினதுபோலத் தோன்றும். கூடவில்லை, இறந்தவை 6-லிருந்து எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்ற எண்ணை எடுத்துப் பாருங்கள்.